குறைந்தபட்ச ஊதியக் கட்டுரைகளை ஒப்பீட்டுத் தாளாக மாற்றுவது எப்படி?

*ஐயா, நான் கோலாலம்பூரில் தொழிலாளர் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் படிக்கிறேன். தகுதித் தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வாசிப்புப் பட்டியலில் 90 கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிவிட்டேன். ஆனால் "இவர்கள் இருவரும் ஏன் ஒத்துப்போகவில்லை?" என்று மேற்பார்வையாளர் கேட்டால் பதில் வருவதில்லை. ஒப்பீட்டுத் தாள் தயாரிக்கச் சொல்கிறார். எங்கே தொடங்குவது, எந்த நெடுவரிசைகளைப் போடுவது? குறைந்தபட்ச ஊதியக் கட்டுரைகளை வைத்தே காட்டினால் உதவியாக இருக்கும்.*

ஒரு பக்கக் குறிப்பு அந்தக் கட்டுரையின் வரிசையிலேயே போகும்: கேள்வி, தரவு, முறை, முடிவு. தேர்வாளர் கேட்பதோ இரண்டு கட்டுரைகளுக்கு நடுவில் இருப்பதை. அதனால்தான் 90 பக்கம் எழுதிய பிறகும் பதில் வருவதில்லை. ஒப்பீட்டுத் தாளைப் பட்டியலுக்கு ஒன்று என்று போடாதீர்கள். சர்ச்சைக்கு ஒன்று என்று போடுங்கள். தொழிலாளர் பொருளாதாரப் பட்டியல் ஒன்றில் பெரும்பாலும் ஐந்தாறு சர்ச்சைகளே இருக்கும். முதலில் ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்தையும் முன்னுரையையும் மட்டும் பார்த்து, அது எந்தச் சர்ச்சையில் பேசுகிறது என்று ஒரு சொல்லில் குறியுங்கள். கோட்பாட்டுக் கட்டுரைகளும் முறையியல் கட்டுரைகளும் எதிலும் அடங்காமல் நிற்கும். அவற்றுக்கு ஒரு வரி போதும், தாளுக்குள் திணிக்க வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு சர்ச்சையிலும் தூணாக நிற்கும் கட்டுரைகள் எவை என்று தேடுங்கள். மற்றவர்களின் முன்னுரையில் முதல் இரண்டு பக்கங்களுக்குள் திரும்பத் திரும்ப வரும் பெயர்களே அவை; அவற்றை மறுக்கவோ திருத்தவோதான் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலை குறையுமா என்ற சர்ச்சையில் ஆறு தூண்களை எடுத்துக்கொள்கிறேன்: டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994இல் எழுதியது, டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் 2000இல் எழுதிய மறுப்பு, டூபே, லெஸ்டர், ரைக் மூவரும் 2010இல் எழுதியது, அதற்கு நியூமார்க், சாலஸ், வாஷர் 2014இல் அளித்த பதில், செங்கிஸ் குழுவினரின் 2019 கட்டுரை, சியாட்டில் நகரைப் பற்றி ஜார்டிம் குழுவினர் எழுதியது. இவற்றைக் கால வரிசையில் வைத்தால்தான் யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது தெரியும். அகர வரிசையில் வைத்தால் அந்த உரையாடல் மறைந்துவிடும்.

இப்போது நெடுவரிசைகள். ஆசிரியர், ஆண்டு, நாடு, தரவு, முறை, முடிவு என்று போட்டால், கையில் இருக்கும் குறிப்புகளைக் கட்டம் போட்டு மறுபடி எழுதியதாகவே அது முடியும். முடிவுகள் ஏன் வேறுபடுகின்றன என்பதை விளக்கும் திறன் உள்ள நெடுவரிசைகள் மட்டுமே வேண்டும். இந்தச் சர்ச்சையில் அவை நான்கு. ஊதியம் உயர்ந்த இடத்துக்கு எதிரே யாரை நிறுத்தி ஒப்பிட்டார்கள்? யாருடைய வேலையை எண்ணினார்கள்: பதின்ம வயதினரா, உணவகத் தொழிலாளரா, குறைந்த ஊதியம் பெறும் எல்லோருமா? எதை எண்ணினார்கள்: ஆட்களையா, பகுதிநேர ஆட்களை முழுநேர ஆட்களாக மாற்றி எண்ணும் முழுநேரச் சமானத்தையா, வேலை நேரத்தையா? முடிவு, பொதுவான ஓர் அலகில், திட்டப்பிழையோடு எவ்வளவு? ஐந்தாவதாக, அடுத்து வந்தவர் அதன் மீது வைத்த முதன்மையான குறையை ஒரே வாக்கியத்தில் எழுத ஓர் இடம் விடுங்கள். வேறு சர்ச்சைக்கு வேறு நெடுவரிசைகள் வரும். எல்லாத் தாளுக்கும் ஒரே அச்சைப் பயன்படுத்தினால் அது எதையும் விளக்காது.

முதல் வரிசையை நிரப்பிக் காட்டுகிறேன். 1992 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் ஊதியம் மாறவில்லை. கார்டும் க்ரூகரும் நியூ ஜெர்சியிலும் கிழக்குப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவகங்களைத் தொலைபேசியில் அழைத்து, உயர்வுக்கு முன்பும் பின்பும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். ஓர் உணவகத்தின் சராசரி முழுநேரச் சமானம் நியூ ஜெர்சியில் 20.44இலிருந்து 21.03 ஆனது, பென்சில்வேனியாவில் 23.33இலிருந்து 21.17 ஆனது. முழுமையாக்காத எண்களிலிருந்து கட்டுரை கணக்கிட்ட இரண்டு மாற்றங்களின் வேறுபாடு 2.76, அதன் திட்டப்பிழை 1.36.

பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் "வேலை குறையவில்லை, கூடியது" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுவார்கள். அந்த நான்கு எண்களையும் தாளில் எழுதியவருக்கு இன்னொன்று தெரியும். நியூ ஜெர்சியில் கூடியது 0.59 மட்டுமே. 2.76இன் பெரும்பகுதி பென்சில்வேனியாவில் 2.16 குறைந்ததால் வந்தது. அதாவது இந்தக் கட்டுரையின் முடிவு முழுவதும், நியூ ஜெர்சியிலும் அதே அளவு வீழ்ச்சி வந்திருக்கும் என்று நம்பலாமா என்ற கேள்வியின் மேல் நிற்கிறது. ஆகவே ஒப்பிடப்பட்டவர் யார் என்ற நெடுவரிசைதான் இந்தத் தாளின் முதுகெலும்பு. பின்னால் வந்த சண்டைகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டத்துக்காகவே நடந்தவை.

அடுத்தது பொது அலகு. உணவகத்துக்கு 2.76 ஆட்கள் என்பதை இன்னொரு கட்டுரையின் விழுக்காட்டோடு ஒப்பிட முடியாது. அதை நெகிழ்ச்சியாக, அதாவது ஊதியம் 1% உயர்ந்தால் வேலை எத்தனை விழுக்காடு மாறுகிறது என்பதாக மாற்றுங்கள்: 2.76ஐ 20.44ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13.5%, ஊதியம் உயர்ந்தது 18.8%, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.72. திட்டப்பிழையையும் இதே வழியில் மாற்றினால் 0.35 வரும். ஆக 95% நம்பிக்கை இடைவெளி பூச்சியத்துக்குச் சற்று மேலிருந்து 1.4 வரை நீள்கிறது. கட்டத்தில் 0.72 மட்டும் இருந்தால் அது துணிச்சலான கூற்றாகத் தெரியும். இடைவெளியும் இருந்தால், இந்தத் தரவு எவ்வளவு சொல்ல வல்லது என்பதும் தெரியும். கட்டுரையில் இல்லாத, நீங்களே கணக்கிட்ட எண்களுக்கு ஒரு குறி வைத்துவிடுங்கள். கட்டுரையிலிருந்து எடுத்த எண்ணுக்கு அட்டவணை எண்ணை எழுதுங்கள். தேர்வாளர் "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்ல அதுதான் வழி.

நியூமார்க்கும் வாஷரும் அதே இரண்டு மாநிலங்களை, அதே தொழிலை, தொலைபேசி விசாரணைக்குப் பதில் ஊதியப் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். வேலை குறைந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். கார்டும் க்ரூகரும் அரசின் பதிவுத் தரவைக் கொண்டு 2000இலேயே பதில் எழுதினார்கள். பெரிய இழப்பு எதையும் அவர்கள் காணவில்லை. இந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் ஒப்பீட்டுக் குழு என்ற கட்டம் ஒன்றாகவே இருப்பதும் தரவு மட்டுமே மாறுவதும் தெரியும். ஆகவே இந்தச் சிறு சண்டை முறையைப் பற்றியது அல்ல, அளவீட்டையும் மாதிரியையும் பற்றியது. மறுப்பாளர்களின் தரவில் ஒரு பகுதியை உணவகத் தொழில் சார்ந்த ஓர் அமைப்பு திரட்டியது என்ற குற்றச்சாட்டும் அங்கேதான் எழுந்தது. அதைக் குறை என்ற கட்டத்தில் ஒரு வாக்கியமாக எழுதினால் போதும்.

2010 கட்டுரைதான் முழுத் தாளிலும் மிக மதிப்புள்ள வரிசை என்பது என் கருத்து. டூபே, லெஸ்டர், ரைக் மூவரும் ஒரே உணவகத் தரவை இரண்டு விதமாக ஒப்பிட்டார்கள். நாட்டின் எல்லா மாவட்டங்களையும் ஒன்றுக்கொன்று எதிரே வைத்தபோது நெகிழ்ச்சி −0.18 அளவில் வந்தது. இது பழைய எதிர்மறை முடிவுகளை ஒத்தது. மாநில எல்லையின் இரு பக்கத்திலும் அடுத்தடுத்து இருக்கும் மாவட்டங்களை மட்டும் இணைகளாக வைத்தபோது அது ஏறக்குறைய பூச்சியம் ஆனது. திட்டப்பிழை இரண்டிலும் 0.1 அளவு. தரவு மாறவில்லை, தொழில் மாறவில்லை, காலம் மாறவில்லை. ஒப்பிடப்பட்டவர் மட்டுமே மாறினார். இப்படி ஒரே ஒரு கட்டம் மாறி முடிவும் மாறுகிற வரிசை கிடைத்தால் அதை இரண்டு வரிசைகளாகப் பிரித்து ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். தேர்வில் உங்கள் வாதத்துக்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நியூமார்க், சாலஸ், வாஷர் இதற்கு அளித்த பதிலும் அதே கட்டத்தைத்தான் தாக்குகிறது: எல்லைக்கு அப்பால் இருக்கும் மாவட்டமே சிறந்த ஒப்பீடு என்பதற்கு ஆதாரம் போதாது, தொலைவில் உள்ளவற்றை ஒதுக்கும்போது பயனுள்ள தகவலும் போய்விடுகிறது என்கிறார்கள். செங்கிஸ் குழுவினர் 1979 முதல் 2016 வரை நடந்த 138 மாநில உயர்வுகளை எடுத்து, மொத்த வேலையை எண்ணாமல், ஊதியப் படிநிலையில் புதிய வரம்புக்குக் கீழே மறைந்த வேலைகளையும் அதற்குச் சற்று மேலே புதிதாகத் தோன்றிய வேலைகளையும் எண்ணினார்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தன. இங்கே மாறியது "எதை எண்ணினார்கள்" என்ற கட்டம்.

தாளின் ஒரு துண்டு இப்படி இருக்கும்:

| கட்டுரை | ஒப்பிடப்பட்டவர் | எண்ணப்பட்டது | முடிவு: நெகிழ்ச்சி, அடைப்புக்குறிக்குள் திட்டப்பிழை |
|---|---|---|---|
| கார்ட், க்ரூகர் 1994 | பக்கத்து மாநிலம் | துரித உணவகம், முழுநேரச் சமானம் | 0.72 (0.35), என் கணக்கு |
| டூபே குழு 2010, அ | எல்லா மாவட்டங்களும் | உணவகத் தொழிலாளர் | −0.18 (0.10) |
| டூபே குழு 2010, ஆ | எல்லை மாவட்ட இணைகள் | உணவகத் தொழிலாளர் | 0.02 (0.10) |
| செங்கிஸ் குழு 2019 | உயர்வு இல்லாத மாநிலங்கள் | வரம்புக்குக் கீழும் மேலும் உள்ள வேலைகள் | இழப்பும் வரவும் ஏறக்குறைய சமம் |

சியாட்டில் வரிசையை வேண்டுமென்றே இந்தத் துண்டில் சேர்க்கவில்லை, ஏனெனில் அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 2017இல் வெளிவந்த முன்வரைவு, வரம்பு மணிக்கு 13 டாலராக உயர்ந்த பிறகு குறைந்த ஊதிய வேலைகளில் மணிக்கூலி ஏறக்குறைய 3% உயர்ந்ததாகவும் வேலை நேரம் ஏறக்குறைய 9% குறைந்ததாகவும் சொன்னது. அதிலிருந்து −3 என்ற நெகிழ்ச்சி வருகிறது. அதை −0.18க்குப் பக்கத்தில் எழுதினால் சியாட்டிலில் பாதிப்பு பல மடங்கு என்று தோன்றும். ஆனால் −3 என்பது தொழிலாளர் உண்மையில் பெற்ற ஊதிய உயர்வைக் கொண்டு வகுத்தது, −0.18 என்பது சட்டப்படியான வரம்பின் உயர்வைக் கொண்டு வகுத்தது. வரம்பு பத்து விழுக்காடு உயர்ந்தால் சராசரி ஊதியம் இரண்டு விழுக்காடுகூட உயராமல் போகலாம், ஏனென்றால் பலர் ஏற்கெனவே வரம்புக்கு மேல் பெறுகிறார்கள். இரண்டும் வேறு வேறு அலகுகள். ஆகவே முடிவு என்ற நெடுவரிசையை இரண்டாகப் பிரித்து, எந்த ஊதியத்தால் வகுத்தது என்று தலைப்பிலேயே எழுதுங்கள். ஓர் எண் மற்றவற்றைவிட பத்து மடங்கு பெரிதாக இருந்தால், வியப்பதற்கு முன் அலகைச் சரிபாருங்கள்.

அதே கட்டுரையில் இன்னும் இரண்டு விவரங்கள் உண்டு. மாநிலப் பதிவேட்டில் பல கிளைகள் உள்ள நிறுவனங்களின் இடத்தைப் பிரித்தறிய முடியாததால், பல கிளைகளைத் தாங்களே நடத்தும் தொடர் உணவகங்கள் கணக்கில் இல்லை. கார்டும் க்ரூகரும் எண்ணியதிலோ அவையும் உண்டு! இரண்டு கட்டுரைகளும் வேறு வேறு மக்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன என்பது "யாருடைய வேலை" என்ற நெடுவரிசை இல்லாமல் கண்ணில் படாது. இரண்டாவது, 2022இல் இதழில் வெளிவந்த வடிவம் முன்வரைவிலிருந்து வேறுபட்டது; நகர அளவிலான கணக்கு பாதிப்பை மிகைப்படுத்தியிருக்கக்கூடும் என்று ஆசிரியர்களே அதில் சொல்கிறார்கள். பட்டியலில் எந்த வடிவம் இருக்கிறது, நீங்கள் எதை வாசித்தீர்கள் என்பதைக் கட்டுரைப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். முன்வரைவின் எண்ணைச் சொல்லி இதழின் ஆண்டைச் சொல்வது வாய்மொழித் தேர்வில் உடனே வெளிப்பட்டுவிடும்.

வெற்றுக் கட்டங்களிலும் கவனம் வேண்டும். "கட்டுரை சொல்லவில்லை", "இந்தக் கட்டுரைக்குப் பொருந்தாது", "நான் இன்னும் தேடவில்லை" என்பவை மூன்று வேறு நிலைகள். மூன்றையும் வெறுமையாக விட்டால், கடைசி வாரத்தில் எது உங்கள் வேலை, எது கட்டுரையின் குறை என்று பிரித்தறிய முடியாது. கட்டுரை சொல்லாமல் விட்டது பெரும்பாலும் நல்ல தேர்வுக் கேள்வி.

தாள் சரியாக அமைந்ததா என்று அறிய ஒரு சோதனை உண்டு. முடிவு என்ற நெடுவரிசையை ஒரு காகிதத்தால் மூடிக்கொண்டு, மற்றக் கட்டங்களை மட்டும் பார்த்து, எந்தக் கட்டுரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். ஓரளவு ஊகிக்க முடிந்தால் உங்கள் நெடுவரிசைகள் வேறுபாட்டின் காரணத்தைப் பிடித்திருக்கின்றன. முடியாவிட்டால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. அப்போது ஒரே மாதிரியான கட்டங்கள் இருந்தும் எதிரெதிர் முடிவு கண்ட இரண்டு கட்டுரைகளை எடுத்து, தரவுப் பகுதியை மட்டும் மறுபடி வாசித்தால் விடுபட்ட நெடுவரிசை பெரும்பாலும் அங்கே கிடைக்கும். இதனால்தான் முதலில் ஆறு தூண்களை மட்டும் நிரப்பச் சொல்கிறேன். மீதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு நெடுவரிசையை மாற்ற நேர்ந்தால் அவை எல்லாவற்றையும் மறுபடி திறக்க வேண்டும். தூண் ஒன்றுக்கு அரை நாள் கொடுங்கள். அச்சு உறுதியான பின் மற்றவற்றுக்கு அரை மணி நேரம் போதும், ஏனெனில் எதைத் தேட வேண்டும் என்று அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் மலேசியாவில் தேர்வு எழுதுவதால், தாளின் கீழே இன்னொரு வரிசையை நீங்களே எழுத வேண்டும்: நம் நாட்டில் இதே கேள்வியைக் கேட்டால் யாரை எதிரே நிறுத்துவீர்கள்? இங்கே குறைந்தபட்ச ஊதியம் 2013இல் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட், சபா, சரவாக்கில் 800 ரிங்கிட். தீபகற்பம் முழுவதற்கும் ஒரே வரம்பு என்பதால் அமெரிக்க எல்லை மாவட்டம் போன்ற இணை கிடைக்காது. சபாவும் சரவாக்கும் கடலுக்கு அப்பால் வேறு தொழிலமைப்பு கொண்டவை. ஐந்து பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு ஜனவரியிலும், ஐந்து பேரும் அதற்குக் குறைவாகவும் வைத்திருந்தவர்களுக்கு ஜூலையிலும் அது அமலானது. ஆறு பேர் வேலை செய்யும் கடையையும் ஐந்து பேர் வேலை செய்யும் கடையையும் ஒப்பிடலாம் என்று தோன்றும். ஆனால் பல முதலாளிகளுக்கு அந்த ஆண்டு இறுதிவரை அவகாசம் தரப்பட்டதால் அந்தக் கோடு மங்கிவிட்டது. ஆறாவது ஆளைக் கணக்கில் காட்டாமல் விடவும் தூண்டுதல் உண்டு. 2020 பிப்ரவரியில் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் மட்டும் 1,200 ரிங்கிட் என்றும் மற்ற இடங்களில் 1,100 என்றும் ஆனபோது உண்மையான எல்லை ஒன்று கிடைத்தது. ஆனால் மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, உணவகங்கள் எல்லைக்கு இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பாதிக்கப்பட்டன. எந்த மாற்றம் எதனால் வந்தது என்று அதற்குப் பிறகு பிரிப்பது மிகக் கடினம்.

நம் ஊதிய வரம்பு பெரும்பாலும் மாதக் கணக்கில் பேசப்படுவது, அவர்களுடையது மணிக் கணக்கில். ஆகவே மிகைநேரத்தை வெட்டி ஈடுகட்டுவது இங்கே தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று. செங்கிஸ் குழுவினர் தங்கள் முடிவு, குறைந்தபட்ச ஊதியம் இடைநிலை ஊதியத்தில் 37% முதல் 59% வரை இருந்த உயர்வுகளுக்கு உரியது என்று வரையறுக்கிறார்கள். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் சம்பள அறிக்கையிலிருந்து ஒவ்வோர் உயர்வுக்கும் இந்த விகிதத்தைக் கணக்கிட்டு அந்த வரிசையில் எழுதிவிடுங்கள். 59%ஐத் தாண்டிய இடத்தில் அவர்கள் கட்டுரையை மேற்கோள் காட்டி "வேலை குறையாது" என்று நீங்கள் சொல்ல முடியாது.

தாள் முடிந்ததும் அதை மூடி வைத்து, ஒவ்வொரு சர்ச்சைக்கும் ஒரு பத்தியை நினைவிலிருந்து எழுதுங்கள். அந்தப் பத்தி கட்டுரைப் பெயரில் தொடங்கக் கூடாது. "முடிவுகள் வேறுபடுவதற்கு முதல் காரணம் ஒப்பீட்டுக் குழு" என்பதுபோல் காரணத்தில் தொடங்கி, கட்டுரைகள் அதற்குச் சான்றாகப் பின்னால் வர வேண்டும். எழுதியபின் தாளைத் திறந்து எண்களைச் சரிபாருங்கள். பெரும்பாலும் தவறுவது திட்டப்பிழைகளும் யார் எண்ணப்பட்டார்கள் என்பதும்தான். அந்தக் கட்டங்களை வண்ணமிட்டு, இரண்டு நாள் கழித்து அவற்றை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள். பிறகு தாளை உங்கள் மேற்பார்வையாளரிடம் கொடுத்து, எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் தொட்டு "இது வேறாக இருந்திருந்தால் முடிவு எப்படி மாறியிருக்கும்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.